ஆட்டம் நின்ற வீடியோ ஏன் மங்குகிறது? ஸ்டெபிலைசேஷனில் கழியும் பிக்சல்களின் கணக்கு

கையில் பிடித்து எடுத்த வீடியோவை எடிட்டிங் மென்பொருளில் போட்டு ‘ஸ்டெபிலைஸ்’ கொடுத்தால் ஆட்டம் அடங்கிவிடுகிறது. ஆனால் பழைய கிளிப்பையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு வித்தியாசங்கள் கண்ணில் படும். ஓரத்தில் நின்றவரின் தோள்பட்டை காணாமல் போயிருக்கும். முகத்துக்கு அருகில் போய்ப் பார்த்தால், முன்பு தனித்தனியாகத் தெரிந்த முடியிழைகள் இப்போது ஒன்றோடொன்று ஒட்டிப் பூசினாற்போல் இருக்கும். கோப்பின் விவரங்களைத் திறந்தால் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. முன்பு 1920×1080, இப்போதும் 1920×1080.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அளவு மாறவில்லை என்றால் தெளிவு மட்டும் எங்கே போனது? படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டன, மிச்சப் பகுதி பழைய அளவுக்கு இழுத்து நிரப்பப்பட்டது. எவ்வளவு வெட்டப்படும் என்பதை எது தீர்மானிக்கிறது, அதில் நம் கையில் இருப்பது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

## ஆட்டம் என்று நாம் சொல்வது எதை

நின்றுகொண்டு கேமராவைப் பிடித்திருக்கும் கை மூன்று விதமாக அசைகிறது.

1. இடம் பெயர்தல்: கேமரா மொத்தமாக மேலே, கீழே, பக்கவாட்டில் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோ நகர்வது.
2. திரும்புதல்: கேமரா இருந்த இடத்திலேயே முகத்தை மேலும் கீழுமாகவோ இடம் வலமாகவோ அசைப்பது.
3. சாய்தல்: அடிவானம் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறுவது.

இடப்பெயர்ச்சிதான் பெரிய தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். தூரத்துக் காட்சிகளில் உண்மை நேர்மாறானது. பல செல்போன்களின் முதன்மை கேமரா ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் லென்சுக்குச் சமமான பார்வைக் கோணம் கொண்டது. அதில் 1920 பிக்சல் அகலத்தில் பதிவு செய்தால், கேமரா ஒரு டிகிரி திரும்பும்போது படத்தின் நடுப்பகுதி சுமார் 24 பிக்சல் நகர்கிறது. அதே கேமரா திரும்பாமல் ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் ஏறத்தாழ 5 பிக்சல்தான் நகர்வார். மணிக்கட்டு ஒரு டிகிரி திரும்புவதை நாம் உணர்வதுகூட இல்லை. படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

பொருள் அரை மீட்டருக்குள் இருந்தால் கணக்கு மாறிவிடும். அந்த ஒரு சென்டிமீட்டர் அங்கே 28 பிக்சல் ஆகிறது. முன்னால் இருப்பது அதிகமாகவும் பின்னால் இருப்பது குறைவாகவும் நகர்வதால், மொத்தப் படத்தையும் ஒரே அளவு தள்ளிச் சரிசெய்ய முடியாது. அருகில் வைத்து எடுத்த காட்சிகள் ஸ்டெபிலைஸ் செய்தபின் ஜெல்லி போலத் தளும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜூம் செய்து எடுத்தால் கோணம் ஒன்றுதான், பிக்சல்கள் பெருகிவிடும். மூன்று மடங்கு ஜூமில் அதே ஒரு டிகிரி 73 பிக்சல் ஆகிறது. கை அதேதான், ஆட்டத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை மூன்று மடங்கு.

## மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது

எந்தப் பெயரில் வந்தாலும் எடிட்டிங் மென்பொருள்களின் ஸ்டெபிலைசர்கள் மூன்று படிகளில் வேலை செய்கின்றன.

1. அளத்தல். ஒரு ஃபிரேமில் கண்ணுக்குத் தெளிவான புள்ளிகளை, ஒரு ஜன்னலின் மூலையையோ எழுத்தின் முனையையோ, பிடித்துக்கொண்டு அடுத்த ஃபிரேமில் அவை எங்கே போயின என்று பார்க்கிறது. நூற்றுக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் நகர்ந்தது கேமரா என்று முடிவு செய்கிறது. இப்படி ஃபிரேம் ஃபிரேமாகச் சேர்த்தால் கேமரா போன பாதை கிடைக்கிறது. செல்போன் இந்தப் படியில் ஜைரோஸ்கோப் தரும் தகவலைப் பயன்படுத்துகிறது.
2. மழுப்புதல். குண்டும் குழியுமான அந்தப் பாதைக்குப் பக்கத்தில், கேமரா சீராகப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வழவழப்பான பாதையைப் போடுகிறது.
3. திருப்பித் தள்ளுதல். ஒவ்வொரு ஃபிரேமையும் அது இருந்த இடத்திலிருந்து வழவழப்பான பாதையில் இருந்திருக்கவேண்டிய இடத்துக்கு நகர்த்துகிறது, சாய்ந்திருந்தால் நிமிர்த்துகிறது.

மூன்றாம் படியில்தான் சிக்கல். கை கீழே போனதால் படம் மேலே ஏறிவிட்டது என்றால், அந்த ஃபிரேமை 30 பிக்சல் கீழே தள்ளவேண்டும். தள்ளியதும் மேல் ஓரத்தில் 30 பிக்சல் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை திறந்துகொள்ளும். அங்கே காட்ட எதுவும் இல்லை, ஏனென்றால் கேமரா அந்தப் பகுதியைப் பதிவு செய்யவே இல்லை. அடுத்த ஃபிரேமில் பட்டை கீழே வரும், அதற்கடுத்து இடது மூலையில் வரும். காட்சி அசையாமல் நிற்க, கறுப்பு ஓரங்கள் சுற்றிச் சுற்றி ஆடும்.

அந்த ஓரங்களை மறைக்க எளிய வழி, எந்த ஃபிரேமிலும் கறுப்பு எட்டாத ஒரு செவ்வகத்தை நடுவில் எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டுவது. வெட்டியதைப் பழைய அளவுக்குப் பெரிதாக்கினால் கோப்பு மீண்டும் 1920×1080 ஆகிவிடும். அப்படிப் பெரிதாக்கும்போது மென்பொருள் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடையில் இருந்திருக்கக்கூடியதை ஊகித்து நிரப்புகிறது. முடியிழைகளை ஒட்டவைத்தது இந்த ஊகம்தான்.

ஓரங்களை வெட்டாமல், பக்கத்து ஃபிரேம்களில் இருந்து துண்டுகளை எடுத்து நிரப்பும் முறையும் உண்டு. யாசுயுகி மட்சுஷிதாவும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் நன்கு அறியப்பட்டது. அசையாத சுவரோ வானமோ ஓரத்தில் இருந்தால் இது நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் ஒருவர் நடந்துபோனால் கை ஓர் இடத்திலும் உடம்பு ஓர் இடத்திலுமாக ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். அதனால் நடைமுறையில் இன்றும் வெட்டுதல்தான் பொதுவழி.

## வெட்டினால் எவ்வளவு மிஞ்சும்

வெட்டும்போது அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. அதனால் பிக்சல் எண்ணிக்கை இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்குகிறது.

1. பக்க அளவில் 95 சதவீதம் மிஞ்சினால்: 1824×1026. மொத்தப் பிக்சலில் 90 சதவீதம்.
2. 90 சதவீதம் மிஞ்சினால்: 1728×972. பிக்சலில் 81 சதவீதம்.
3. 80 சதவீதம் மிஞ்சினால்: 1536×864. பிக்சலில் 64 சதவீதம்.
4. மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சினால்: 1280×720. பிக்சலில் 44 சதவீதம்.

நான்காவது வரி கவனிக்கவேண்டியது. கோப்பின் பெயரில் 1080p என்று இருந்தாலும் உள்ளே இருக்கும் விவரம் 720p வீடியோவின் விவரம்தான். முதல் வரியில் இருக்கும் இழப்பைச் சாதாரணப் பார்வையில் கண்டுபிடிப்பது கடினம். இரண்டாவது, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரியும். மூன்றாவதுக்குக் கீழே போனால் ஒப்பீடே தேவைப்படாது.

இதில் உயரத்துக்கு ஒரு தனிச் செல்வாக்கு இருக்கிறது. 16:9 சட்டத்தில் உயரம் குறைவு, ஆகவே மேலும் கீழுமான ஆட்டம் அதிகம் தின்கிறது. இரு பக்கமும் 30 பிக்சல் ஆட்டம் என்றால், இடம் வலமாக 1920இல் 60 போய் 96.9 சதவீதம் மிஞ்சும். மேல் கீழாக 1080இல் 60 போய் 94.4 சதவீதம்தான் மிஞ்சும். விகிதம் மாறக்கூடாது என்பதால் இரண்டில் மோசமானது எதுவோ அதுவே முழுப் படத்துக்கும் விதியாகிறது. நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவில் ஒவ்வோர் அடியும் படத்தை மேலும் கீழுமாகத் தூக்கிப் போடுவதால் இது நேரடியாக அடிக்கிறது.

சாய்வு இன்னும் மோசம். ஒரு செவ்வகத்தைச் சற்றே சுழற்றி, அதற்குள் நிமிர்ந்த இன்னொரு செவ்வகத்தைப் பொருத்திப் பாருங்கள், நான்கு மூலைகளும் இடிக்கும். 16:9 படத்தில் மிஞ்சும் பக்க அளவு இந்த வாய்ப்பாட்டில் வருகிறது:

```
s = 1 / (cos θ + (16/9) · sin θ)
```

1 டிகிரி சாய்வுக்கு 97 சதவீதம் மிஞ்சும். 2 டிகிரிக்கு 94. 3 டிகிரிக்கு 92க்கும் கீழே. 5 டிகிரிக்கு 87. சாய்வு வேறு, ஆட்டம் வேறு என்று இவை தனித்தனியாக நிற்பதில்லை. இரண்டும் ஒரே ஃபிரேமில் வந்தால் இரண்டின் இழப்பும் பெருக்கலாகச் சேர்கிறது.

## ஒரே ஒரு தடுமாற்றம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். வெட்டின் அளவைத் தீர்மானிப்பது சராசரி ஆட்டம் இல்லை. கிளிப்பிலேயே மோசமான ஃபிரேம் எதுவோ, அது.

12 நொடி ஓடும் ஒரு 1080p கிளிப்பை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 30 ஃபிரேம், மொத்தம் 360. எடுப்பவர் நடந்துகொண்டே ஒருவரைப் பின்தொடர்கிறார். வழக்கமான ஆட்டம் எல்லாத் திசையிலும் 30 பிக்சல், சாய்வு 1 டிகிரி. ஏழாவது நொடியில் படிக்கட்டின் விளிம்பில் கால் இடறுகிறது. அரை நொடிதான், அதாவது 15 ஃபிரேம். அந்த நேரத்தில் படம் 110 பிக்சல் மேலே எகிறுகிறது, 2.5 டிகிரி சாய்கிறது.

1. இடறலை விட்டுவிட்டுக் கணக்கிட்டால்: உயரத்தில் 94.4 சதவீதம், அதை 1 டிகிரிச் சாய்வுக்கான 97 சதவீதத்தால் பெருக்கினால் 91.6 சதவீதம். மிஞ்சுவது சுமார் 1760×990. பிக்சலில் 84 சதவீதம்.
2. இடறலையும் சேர்த்தால்: உயரத்தில் 1080க்கு 220 போய் 79.6 சதவீதம். 2.5 டிகிரிச் சாய்வு அதைச் சுமார் 74 சதவீதமாக இறக்குகிறது. மிஞ்சுவது சுமார் 1420×800. பிக்சலில் 55 சதவீதம்.

15 ஃபிரேமுக்காக 360 ஃபிரேமும் விலை கொடுக்கின்றன. ஏனென்றால் வழக்கமாக மென்பொருள் முழுக் கிளிப்புக்கும் ஒரே ஜூம் அளவைத்தான் வைக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு ஜூம் வைத்தால் படம் மூச்சு விடுவதுபோல் உப்பி வற்றும். `ffmpeg` என்ற இலவச மென்பொருளில் `optzoom=2` கொடுத்தால் ஜூம் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். காட்சி ஏற்கனவே முன்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தால் அது மறைந்துவிடும், நின்று எடுத்த காட்சியில் தெரிந்துவிடும்.

பல கிளிப்புகளில் அந்த மோசமான ஃபிரேம் இடறலாகக்கூட இருப்பதில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தும் விரல் கேமராவைத் தட்டும் முதல் அரை நொடியும், நிறுத்துவதற்காகக் கையைத் தாழ்த்தும் கடைசி நொடியும்தான். இறுதி வீடியோவில் அந்தப் பகுதி வரப்போவதே இல்லை. ஆனாலும் வெட்டாமல் ஸ்டெபிலைஸ் செய்தால் அவை முழுக் கிளிப்பின் தெளிவையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் முனைகளை வெட்டி எறியுங்கள், பிறகு ஸ்டெபிலைஸ் செய்யுங்கள். சில மென்பொருள்களில் டைம்லைனில் வெட்டினால் மட்டும் போதாது, ஏற்கனவே செய்த அலசலை மறுபடி ஓடவிடவேண்டும், இல்லாவிட்டால் பழைய அளவீட்டையே வைத்துக்கொண்டிருக்கும்.

நடுவில் வரும் இடறலுக்கு நான் பரிந்துரைப்பது கிளிப்பை மூன்றாகப் பிரிப்பது. இடறலுக்கு முன்னும் பின்னும் உள்ள துண்டுகளைத் தனித்தனியாக ஸ்டெபிலைஸ் செய்து, இடையில் வேறொரு காட்சியை வைத்துவிடலாம். வேறு காட்சி இல்லையென்றால், இடறலை ஓரளவு மட்டும் சரிசெய்யச் சொல்லலாம். 110 பிக்சலில் 30ஐ மட்டும் தின்றுவிட்டு 80ஐ அப்படியே விட்டால், கால் இடறியது பார்ப்பவருக்குத் தெரியும். நடந்துகொண்டே எடுத்த காட்சியில் அது இயல்பான ஒன்று. 12 நொடியும் மங்கலாக இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

## வழவழப்பு கூடக் கூட

மழுப்பும் அளவைக் கூட்டினால் வெட்டும் ஏன் கூடுகிறது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. வெட்டு என்பது கேமரா உண்மையில் போன பாதைக்கும் மென்பொருள் போட்ட வழவழப்பான பாதைக்கும் இடையிலான தூரம். பாதையை எவ்வளவு நீட்டி மழுப்புகிறோமோ அவ்வளவு அது நிஜத்தைவிட்டு விலகும்.

இது அதிகமாகத் தெரிவது கேமராவை வேண்டுமென்றே திருப்பும்போது. நின்றுகொண்டிருந்த கேமரா சட்டென்று வலப்பக்கம் திரும்பத் தொடங்குகிறது, ஃபிரேமுக்கு 20 பிக்சல் வேகத்தில். உண்மைப் பாதையில் இது ஒரு கூர்மையான முனை. மென்பொருள் அந்த முனையை வளைத்து வட்டமாக்கும், அதாவது திருப்பம் தொடங்குவதற்கு முன்பே மெல்ல நகரத் தொடங்கிவிடும். 31 ஃபிரேம்களின் எளிய சராசரியை எடுத்தால் அந்த முனையில் விலகல் 77 பிக்சல். 61 ஃபிரேம்களின் சராசரி என்றால் 152 பிக்சல். கை துளிகூட ஆடவில்லை, ஆனாலும் ஓரங்கள் போகின்றன.

நடைக்கு எவ்வளவு போதும்? சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். மேல் கீழ் ஆட்டம் நொடிக்கு இரண்டு முறை, இடது வலது ஊசலாட்டம் இரண்டு அடிக்கு ஒரு முறை. ஆகவே ஒரு நொடி நீளத்துக்கு மழுப்பினாலே இரண்டும் கரைந்துவிடும். `ffmpeg`இன் `smoothing` மதிப்பு முன்னும் பின்னுமாக எத்தனை ஃபிரேம் என்பதைக் குறிக்கிறது. 15 என்றால் மொத்தம் 31 ஃபிரேம், நொடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் ஏறத்தாழ ஒரு நொடி. 60, 100 என்று ஏற்றுவது கேமரா அசையாமல் நின்று எடுத்த காட்சிகளுக்குப் பொருந்தும். திரும்பும் காட்சிகளுக்கு அது வீண் செலவு.

## 4K உண்மையிலேயே காப்பாற்றுமா

இறுதி வீடியோ 1080p போதும் என்றால், 4K இல் எடுத்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மேலே பார்த்த இடறலுடன் கூடிய 74 சதவீதத்தை 3840×2160இல் போட்டால் மிஞ்சுவது சுமார் 2840×1600. 1920×1080க்கு இது தாராளம். பெரிதாக்கும் வேலையே இல்லை, இன்னும் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு இடங்களில் இந்த லாபம் நழுவிப்போகும்.

முதலாவது, வரிசை. 4K கிளிப்பை 1080p டைம்லைனில் போட்டு, முதலில் சுருக்கிவிட்டு அதன்மேல் ஸ்டெபிலைஸ் செய்தால், 4K இன் கூடுதல் பிக்சல்கள் அதற்குள் போய்விட்டன. மிச்சமிருக்கும் 1080p படத்திலிருந்துதான் மறுபடி வெட்டிப் பெரிதாக்கும். முழு 4K இல் ஸ்டெபிலைஸ் செய்து, கடைசியில் சுருக்குவதுதான் சரியான வரிசை. கிளிப்பின் அளவும் டைம்லைனின் அளவும் ஒன்றாக இருந்தால்தான் ஸ்டெபிலைசர் ஓடும் என்று நிபந்தனை வைக்கும் மென்பொருளில் இந்தத் தவறு எளிதாக நடக்கும். எச்சரிக்கை வந்ததும் கிளிப்பைச் சுருக்கி உள்ளே அடைத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக 4K அளவில் ஒரு தனி டைம்லைன் திறந்து, அங்கே ஸ்டெபிலைஸ் செய்து, அதை 1080p டைம்லைனுக்குள் கொண்டுவரவேண்டும்.

இரண்டாவது, செல்போன் ஏற்கனவே வெட்டியிருக்கலாம். 12 மெகாபிக்சல் சென்சாரின் அகலம் ஏறத்தாழ 4000 பிக்சல். 4K வீடியோவுக்கு 3840 வேண்டும். இடையில் இருப்பது 160, அதாவது பக்கத்துக்கு 80. செல்போனின் உள்ளே ஓடும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷனுக்குப் பக்கத்துக்கு 10 சதவீதம் இடம் வேண்டுமென்றால், சென்சாரிலிருந்து எடுக்கப்படுவது 3200 பிக்சல் அகலம்தான். அது 3840 ஆகப் பெரிதாக்கப்பட்டுக் கோப்பில் எழுதப்படும். 48 மெகாபிக்சல் என்று விற்கும் பல சென்சார்களும் வீடியோவின்போது நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் போலவே நடந்துகொள்கின்றன.

உங்கள் கேமரா வெட்டுகிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. அசையாத ஒரு தாங்கியில் வைத்து, சிறிய எழுத்துள்ள ஒரு தாளைச் சட்டம் முழுக்க நிரப்புமாறு வைத்து, ஸ்டெபிலைசேஷனைப் போட்டும் நிறுத்தியும் இரண்டு கிளிப் எடுங்கள். போட்ட கிளிப்பில் தாளின் ஓர வரிகள் காணாமல் போனால் வெட்டு நடக்கிறது. எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தும் விளிம்பு கூர்மையாக இல்லையென்றால், வெட்டியது பெரிதாக்கப்பட்டிருக்கிறது. லென்சையோ சென்சாரையோ நகர்த்தி ஆட்டத்தை ஈடுசெய்யும் ஆப்டிகல் முறையிலும், கேமராவையே நிலையாகப் பிடிக்கும் கிம்பலிலும் இந்த வெட்டு இல்லை. ஆட்டம் படமாகப் பதிவதற்கு முன்பே அவை அதைத் தடுத்துவிடுகின்றன. ஆனால் ஆப்டிகல் முறையில் லென்ஸ் நகரக்கூடிய தூரம் சிறியது. நிற்கும் கையின் நடுக்கத்துக்கு அது போதும், நடையின் பெரிய துள்ளலுக்கு எட்டாது.

## பிக்சல் கொடுத்தும் தீராத குறைகள்

எத்தனை பிக்சல் கொடுத்தாலும் தீராத குறைகள் இரண்டு.

ஒன்று, அசைவின் மங்கல். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கேமரா நகர்ந்தால் அந்த ஃபிரேம் இழுத்துப் பூசியதாகவே பதிவாகும். கேமரா நொடிக்கு 10 டிகிரி வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்க, ஷட்டர் 1/50 நொடி என்றால், அந்த ஒரு ஃபிரேமுக்குள் 5 பிக்சல் பூச்சு இருக்கும். ஆடும் வீடியோவில் அது ஆட்டத்தோடு சேர்ந்து போவதால் கண் பொருட்படுத்துவதில்லை. ஆட்டத்தை நிறுத்தியபின் அசையாத படம் இடையிடையே காரணமில்லாமல் மங்கித் தெளிவதுபோல் தெரியும். இதைக் கிராப்பினால் வந்த மங்கல் என்று தவறாக நினைப்பவர்கள் உண்டு. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: கிராப்பின் மங்கல் எல்லா ஃபிரேமிலும் ஒரே அளவில் இருக்கும், அசைவின் மங்கல் ஒரு ஃபிரேமில் இருந்து அடுத்ததில் இருக்காது, ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருக்கும். பிற்பாடு ஸ்டெபிலைஸ் செய்வது உறுதி என்றால் ஷட்டரை 1/200 நொடிக்குக் கொண்டுபோங்கள், பூச்சு ஒரு பிக்சல் சொச்சத்துக்கு இறங்கிவிடும். அதற்கு வெளிச்சம் வேண்டும்.

மற்றொன்று, பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் வரும் நெளிவு. படிக்கும்போதே கேமரா ஆடினால் நேரான கம்பம் வளைந்து பதிவாகும். முழு ஃபிரேமையும் ஒன்றாகத் தள்ளினால் அந்த வளைவு அப்படியே இருக்கும்.

## முடிவெடுக்கும் முன் அளந்து பார்க்க

எவ்வளவு வெட்டவேண்டியிருக்கும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கண்ணாலேயே பார்த்துவிடலாம். இலவச மென்பொருளான `ffmpeg`, vidstab என்ற ஸ்டெபிலைஸ் வசதியோடு கட்டப்பட்டிருந்தால் போதும். முதல் கட்டளை ஆட்டத்தை அளந்து ஒரு கோப்பில் எழுதுகிறது. இரண்டாவது, எதையும் வெட்டாமல், பெரிதாக்காமல், கறுப்பு ஓரங்களை அப்படியே காட்டுகிறது.

```
ffmpeg -i in.mp4 -vf vidstabdetect=shakiness=6:result=t.trf -f null -
ffmpeg -i in.mp4 -vf vidstabtransform=input=t.trf:smoothing=15:optzoom=0:crop=black border.mp4
```

`border.mp4`ஐ ஓடவிட்டுக் கறுப்பு ஓரம் எங்கே அதிகமாக உள்ளே வருகிறது என்று பாருங்கள். அது தொடக்கத்திலோ முடிவிலோ இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி அளக்கவேண்டும். நடுவில் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் மேலே சொன்ன இடறல் கதைதான். கிளிப் முழுவதும் ஓரம் தடிமனாகவே இருந்தால் ஆட்டம் பொதுவாகவே அதிகம், `smoothing` மதிப்பைக் குறைத்துப் பார்க்கவேண்டியதுதான்.

நமது 12 நொடிக் கிளிப்புக்கு, இடறலை ஓரளவு மட்டும் சரிசெய்வது என்று முடிவெடுத்தால் மூன்றாவது கட்டளை இப்படி இருக்கும்:

```
ffmpeg -i in.mp4 -vf "vidstabtransform=input=t.trf:smoothing=15:maxshift=30:maxangle=0.0175:optzoom=0:zoom=10:interpol=bicubic" out.mp4
```

`maxshift=30` எந்த ஃபிரேமையும் 30 பிக்சலுக்கு மேல் தள்ளவிடாது. `maxangle` ரேடியனில் கொடுக்கவேண்டும், 0.0175 என்பது 1 டிகிரி. இந்த இரண்டு எல்லைக்கும் தேவையான ஜூம் 9.2 சதவீதம், அதனால் `zoom=10` வைத்தால் ஓரம் எட்டிப்பார்க்காது. `optzoom=0` கொடுக்காவிட்டால் மென்பொருள் தன் கணக்குப்படி இன்னொரு ஜூமையும் சேர்த்துவிடும். மூலம் 4K என்றால் பக்க அளவு இரட்டிப்பாவதால் `maxshift=60` ஆக்கி, `interpol=bicubic` என்பதை அடுத்து ஒரு காற்புள்ளி போட்டு `scale=1920:1080` சேர்க்கவேண்டும். கோணத்துக்கு அளவு மாறாது, அதை அப்படியே விடலாம்.

வெளிவரும் `out.mp4`இல் 1920×1080 என்றே எழுதியிருக்கும். உள்ளே இருப்பது ஏறத்தாழ 1745×982. முழு இடறலையும் ஓரம் தெரியாமல் சரிசெய்திருந்தால் 1420×800.